அடாப்டர்: பொருத்தி வேறு, நிலைமாற்றி வேறு

வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் அடாப்டர். லப்டொப் சார்ஜரின் கறுப்புப் பெட்டியும் அடாப்டர், சுவர் பிளக்கில் செருகும் சின்னக் கட்டையும் அடாப்டர். பெயர் ஒன்று என்பதால் வேலையும் ஒன்று என்று நினைத்துப் பலர் சாமானைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'அடாப்தாரே' என்றால் ஒன்றோடு பொருந்தச் செய்தல். பிளக் கட்டை செய்வதும் அவ்வளவுதான்: பிளக்கின் கால்களைச் சுவர் ஓட்டைக்குப் பொருத்தும், வோல்ட்டைத் தொடாது. ஆகவே தமிழில் அதைப் 'பொருத்தி' என்பதே சரி. வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பது டிரான்ஸ்போமர். நம் இலங்கைப் பாடநூல்களில் அது 'நிலைமாற்றி', தமிழ்நாட்டில் 'மின்மாற்றி'.

கொக்குவிலிலிருந்து ஸ்கார்பரோ போகும் ஒருவர் 750 வாட் கிரைண்டரைக் கொண்டுபோகிறார் என்று வைப்போம். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். பொருத்தியை மாட்டினால் கிரைண்டர் சுற்றும், ஆனால் சோர்ந்து சுற்றும். சம்பலுக்குத் தேங்காய் போட்டதும் உறுமிக்கொண்டு நின்றுவிடும். நின்றபடி ஆளியைப் போட்டே வைத்திருந்தால் சுருள் சூடேறிக் கருகல் மணம் வரும். 2000 வாட் கேத்தல் என்றால் ஆபத்தில்லை, ஆனால் சூடு ஏறக்குறைய கால்பங்காகி, 545 வாட் அளவுதான் வரும். தண்ணீர் கொதிக்கக் காத்திருக்க வேண்டியதுதான். திரும்பி வரும்போதுதான் பெரிய ஆபத்து: கனடாக் கேத்தலை இங்கே செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் சூடேறி எரிந்துபோகும்.

எனவே சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் விபரத்தைப் பாருங்கள். 100-240V~ 50/60Hz என்று இருந்தால் பொருத்தி போதும். போன், லப்டொப் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். 220-240V என்று மட்டும் இருந்தால் நிலைமாற்றி வேண்டும். அந்தக் கிரைண்டருக்கு 1500 வாட் தாங்கும் நிலைமாற்றி எடுப்பது நல்லது. அது கனமான சாமான், விலையும் உண்டு. அதோடு அது வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. கிரைண்டர் மோட்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும், பிரிட்ஜ் மோட்டருக்கு அது சரிவராது.

பிராண்டை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். ஒரே பிராண்ட் நாட்டுக்கு நாடு வேறு வோல்ட்டில் செய்கிறது. ப்ரீத்தி போன்றவை வட அமெரிக்காவுக்கென்றே அங்குள்ள வோல்ட்டுக்கு ஏற்ற கிரைண்டர் விற்கின்றன. என் கருத்தில், நிலைமாற்றி சுமப்பதைவிட அங்கே போய் அப்படியொரு கிரைண்டரை வாங்குவது நல்லது.

லண்டன் போகிறவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சதுரக் கால் மூன்றுள்ள பிளக் அப்படியே செருகும். பழைய உருண்டைக் கால் பிளக்குக்கு மட்டும் ஒரு பொருத்தி வேண்டும்.