மாண்டாஜ்: யாரிடமிருந்து யாருக்கு வந்தது?

திரைப்பட வரலாறு பற்றி வகுப்பில் உரை நிகழ்த்தத் தயாராகும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "மாண்டாஜைக் கண்டுபிடித்தது அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தா, சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனா?" இந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்ல முடியாது. மாண்டாஜ் என்ற சொல் மூன்று நாடுகளில் மூன்று பொருளில் வழங்குகிறது. எந்தப் பொருளில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடையில் வரும் ஆளே மாறிவிடுவார். ஆகவே சொல்லிலிருந்து தொடங்குவோம்.

பிரெஞ்சில் 'மோந்தே' என்ற வினைக்கு ஏறுதல், ஏற்றுதல், பாகங்களைப் பொருத்தி நிறுத்துதல் என்றெல்லாம் பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்தான் மாண்டாஜ். தொழிற்கூடத்தில் இயந்திரத்தின் பாகங்களைப் பூட்டி முடிப்பதும் மாண்டாஜ்தான். படச்சுருளின் துண்டுகளை ஒட்டி முழுப் படமாக்குவதும் மாண்டாஜ்தான். பிரெஞ்சுப் படங்களின் பெயர்ப் பட்டியலில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அதற்கு மேல் எதையும் தேட வேண்டாம். நம் படங்களில் 'படத்தொகுப்பு' என்று போடுகிறோமே, அதுவேதான்.

ரஷ்யர்கள் இந்தச் சொல்லை அப்படியே கடன் வாங்கினார்கள். அங்கும் இயந்திரம் பொருத்தும் வேலைக்கு அதுவே பெயர். ஐசன்ஸ்டைன் இளமையில் கட்டுமானப் பொறியியல் படித்தவர். கலைப்படைப்பைப் பாகம் பாகமாகக் கட்டலாம் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இயல்பாக வந்தது. சொல்லும் அதற்கு இடம் கொடுத்தது. 1923-இல் அவர் 'ஈர்ப்புகளின் மாண்டாஜ்' என்ற கட்டுரையை வெளியிட்டபோது பேசியது சினிமாவைப் பற்றி அல்ல, நாடகத்தைப் பற்றி. இதை உரையில் குறிப்பிடுவது அவசியம். சினிமாவில் பிறந்து வளர்ந்த கோட்பாடு என்று பலர் நினைப்பது மேடையிலிருந்தும் வந்திருக்கிறது.

மூன்றாவது பொருள் ஹாலிவுட்டுடையது. 1930-களில் ஸ்லாவ்கோ வோர்காபிச் என்ற செர்பியர் அங்கே பல படங்களுக்கு இடையிடையே வரும் சிறு தொடர்களை அமைத்துக் கொடுத்தார். நாள்காட்டித் தாள்கள் பறக்கும், செய்தித்தாள் தலைப்புகள் சுழன்று வரும், ஒன்றின் மேல் ஒன்று கரைந்து ஆண்டுகள் நகரும். கதையில் நீண்ட காலம் கடந்துவிட்டது என்பதைச் சில நொடிகளில் சொல்லும் அந்தத் துண்டுக்கு ஹாலிவுட் மாண்டாஜ் என்று பெயர் வைத்தது. தமிழ்த் திரையுலகம் இன்று 'மாண்டேஜ் பாடல்' என்று சொல்வது இந்தப் பொருளில்தான். நாயகனும் நாயகியும் வாய் அசைக்காமல், பாடல் பின்னணியில் ஒலிக்க, அவர்களின் நாட்கள் துண்டு துண்டாக நகர்ந்துபோகுமே, அதுதான். அதைப் பார்த்துப் பழகிய மாணவர் ஐசன்ஸ்டைனைப் படிக்கும்போது குழம்புவதில் வியப்பில்லை.

இனி, யார் யாரைப் பாதித்தார் என்ற கேள்விக்கு வருவோம். பாடநூல்கள் ஒரு நேர்க்கோடு போடுகின்றன: போர்ட்டர், கிரிஃபித், குலெஷோவ், ஐசன்ஸ்டைன். அந்தக் கோட்டின் ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பின்னவர் முன்னவரின் படத்தைப் பார்த்தாரா? எப்போது பார்த்தார்? அவர் பார்த்த பிரதி எது? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காததால் என்ன நடந்தது என்பதற்குக் கோட்டின் முதல் கண்ணியே சாட்சி.

எட்வின் போர்ட்டர் எடிசன் நிறுவனத்துக்காக 1903-இல் அமெரிக்கத் தீயணைப்பு வீரர் ஒருவரின் வாழ்க்கையைப் படமாக்கினார். அதன் முடிவில் எரியும் வீட்டிலிருந்து ஒரு பெண்ணும் குழந்தையும் மீட்கப்படுகிறார்கள். வெகுகாலம் வரலாற்றாசிரியர்கள் பார்த்த பிரதியில் காட்சி வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயுமாக மாறி மாறி வெட்டப்பட்டிருந்தது. இதோ, கிரிஃபித்துக்கு முன்பே போர்ட்டர் செய்துவிட்டார் என்று எழுதினார்கள். ஆனால் அந்தப் படத்துக்கு இன்னொரு வடிவமும் இருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் திரைப்படத்துக்குத் தனிப் பதிப்புரிமை கிடையாது. ஒளிப்படத்துக்கு மட்டுமே உண்டு. அதனால் படத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் நீளமான காகிதச் சுருளில் அச்சிட்டு நாடாளுமன்ற நூலகத்தில் ஒப்படைத்தார்கள். அந்தக் காகிதப் பிரதியில் மீட்புக் காட்சி இரண்டு முறை வருகிறது. முதலில் அறைக்குள்ளிருந்து முழுவதும்: வீரர் வருகிறார், பெண்ணைத் தூக்கிச் செல்கிறார், திரும்பி வந்து குழந்தையை எடுத்துச் செல்கிறார். பிறகு அதே நிகழ்ச்சி தெருவிலிருந்து, மறுபடி தொடக்கம் முதல். மாறி மாறி வெட்டிய பிரதி பிற்காலத்தில் யாரோ 'சரிசெய்தது'. வெட்டிப் பழகிய கண்ணுக்குப் பழைய அமைப்பு பிழையாகத் தெரிந்திருக்கிறது. 1903-இல் ஒரு நிகழ்ச்சியை இரண்டு கோணங்களில் அடுத்தடுத்து முழுமையாகக் காட்டுவது பிழை அல்ல. அன்றைய பார்வையாளர் படத்தை அப்படித்தான் பார்த்தார்.

அடுத்த கண்ணி கிரிஃபித்திலிருந்து சோவியத் இயக்குநர் குலெஷோவுக்கு. கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' 1916-இல் வந்தது. பாபிலோன், ஏசுவின் காலம், 1572-இன் பிரான்ஸ், அன்றைய அமெரிக்கா என்று நான்கு காலங்களின் கதைகள் அதில் மாறி மாறி வருகின்றன. முடிவை நெருங்க நெருங்கத் துண்டுகள் குறுகி வேகம் கூடுகிறது. 1919-இல் அது சோவியத் ரஷ்யாவில் திரையிடப்பட்டது. லெவ் குலெஷோவ் அதைப் பார்த்தார், பிரமித்தார், கூர்ந்து படித்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திரைப்படத்தின் அடிப்படை தொகுப்பே என்ற கருத்தை அவர் அதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார். 1918-இல் வெளிவந்த தம் முதல் படத்திலேயே அதைச் செய்தும் பார்த்தார். அமெரிக்கப் படங்கள் வேகமாக வெட்டப்படுவதையும், ரசிகர்கள் அவற்றை விரும்புவதையும் அவர் கவனித்திருந்தார். ஆகவே 'இன்டாலரன்ஸ் இல்லாவிட்டால் குலெஷோவ் இல்லை' என்று உரையில் எழுதிவிடாதீர்கள். பொதுவாக அமெரிக்கப் படங்களிடம் கற்றார், அந்த ஒரு படம் அவருக்குப் பெரிய எடுத்துக்காட்டாக அமைந்தது என்பதே காலக்கணக்குக்குப் பொருந்தும்.

குலெஷோவ் பெயரைச் சொன்னதும் மொசுகின் முகம் நினைவுக்கு வரும். உணர்ச்சி காட்டாத அந்த நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு பெண், பொம்மையோடு விளையாடும் சிறுமி ஆகியவற்றோடு ஒட்டினால் பார்வையாளர் பசியையும் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் அவர் முகத்தில் கண்டார்கள் என்பது கதை. இந்த வடிவம் குலெஷோவின் மாணவர் புதோவ்கின் சொன்னது. குலெஷோவ் பின்னாளில் நினைவுகூர்ந்தபோது காட்சிகள் வேறாக இருக்கின்றன. அந்தப் படத்துண்டு இன்று இல்லை. இணையத்தில் அசல் என்று உலவும் காணொளிகளை உரையில் ஓட்டினால், பிற்காலத்தில் செய்த மாதிரி என்று சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

ஐசன்ஸ்டைன் குலெஷோவிடம் சில மாதங்கள் பயின்றார். கோட்டில் இடம்பெறாத ஒருவரிடமும் கற்றார்: எஸ்ஃபிர் ஷூப். வெளிநாட்டுப் படங்களைச் சோவியத் திரையரங்குகளுக்கு ஏற்ப வெட்டி மாற்றி அமைப்பது அந்த அம்மையாரின் வேலை. ஃபிரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபூஸ்' படத்தை அவர் 1924-இல் மறுதொகுப்புச் செய்தபோது ஐசன்ஸ்டைன் உடனிருந்தார். ஒரு ஷாட்டை இடம் மாற்றினால் அதன் பொருள் மாறுகிறது என்பதைக் கையால் தொட்டு அறிய இதைவிட நல்ல பள்ளி இருந்திருக்காது. தாக்கம் என்றால் இயக்குநரிடமிருந்து இயக்குநருக்கு என்றே எழுதும் வழக்கம் ஷூப் போன்ற தொகுப்பாளர்களை மறைத்துவிட்டது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

கற்றதை ஐசன்ஸ்டைன் எங்கே கொண்டுபோனார்? 'போர்க்கப்பல் பொதெம்கின்' (1925) படத்தில் ஒடெசா படிக்கட்டுப் படுகொலைக்குப் பின் கப்பல் குண்டு வீசுகிறது. உடனே மூன்று சிங்கச் சிலைகள். முதல் சிங்கம் தூங்குகிறது, இரண்டாவது விழித்திருக்கிறது, மூன்றாவது எழுந்து நிற்கிறது. மூன்றும் வெவ்வேறு சிலைகள். அவை இருப்பது ஒடெசாவில்கூட அல்ல, கிரிமியாவின் அலுப்காவில். எதுவும் அசையவில்லை. அடுத்தடுத்து ஒட்டியதும் கல் துள்ளி எழுகிறது. கிரிஃபித் கதைக்குள் இருக்கும் இரு இடங்களை மாறி மாறிக் காட்டினார். இங்கே கதையில் இல்லாத பொருள் உள்ளே வந்து, எந்தத் துண்டிலும் இல்லாத கருத்தை உண்டாக்குகிறது. 1944-இல் எழுதிய கட்டுரையில் ஐசன்ஸ்டைனே கிரிஃபித்துக்குத் தம் கடனை ஒப்புக்கொண்டு, டிக்கென்ஸ் வரை பின்னோக்கிப் போய், தாம் பிரிந்த இடத்தையும் காட்டுகிறார். கடன்பட்டவரே எழுதிய சாட்சி இது. உரைக்கு இதைவிட உறுதியான சான்று கிடைக்காது.

தமிழில் என்ன சொல்வது? முதல் பொருளுக்குப் 'படத்தொகுப்பு' நிலைபெற்றுவிட்டது. வேறு தேட வேண்டியதில்லை. ஹாலிவுட் பொருளுக்கு நான் 'காலச்சுருக்கத் தொகுப்பு' என்று எழுதுகிறேன். 'காட்சித் தொகுப்பு' என்று சிலர் எழுதுவது எல்லாத் தொகுப்புக்கும் பொருந்திவிடுகிறது. ரஷ்யப் பொருளுக்குத்தான் சிக்கல். அதற்கும் 'தொகு' என்ற வேரே போதும் என்பது என் எண்ணம். தொகுத்தல் என்றால் சேர்த்தல். தொக்கு நிற்றல் என்றால் சொல்லாமல் மறைந்து நிற்றல். இலக்கணத்தில் அன்மொழித்தொகை படித்திருப்பீர்கள். 'பொற்றொடி வந்தாள்' என்னும்போது பொன்னும் வரவில்லை, தொடியும் வரவில்லை. இரண்டிலும் இல்லாத ஒரு பெண் வருகிறாள். சிங்கச் சிலைகளில் நடப்பது இதுதான். 'மறைபொருள் தொகுப்பு' என்று சொன்னால் ரஷ்யக் கருத்துக்கு மிக நெருங்கிவிடும். ஆனால் இந்த ஒற்றுமையை வைத்து ஐசன்ஸ்டைன் தமிழ் இலக்கணத்துக்குக் கடன்பட்டவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் தம் 1929 கட்டுரையில் எடுத்துக்காட்டியது சீன, ஜப்பானியச் சித்திர எழுத்துகளை: கண்ணும் நீரும் சேர்ந்தால் அழுகை.

கேள்வி நேரத்தில் தமிழ்ச் சினிமாவோடு தொடர்பு உண்டா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். நிமாய் கோஷைச் சொல்லுங்கள். வங்கத்தில் 'சின்னமூல்' எடுத்தவர். பின்னர் சென்னைக்கு வந்து 1960-இல் 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கினார். இந்தியா வந்த புதோவ்கின் கல்கத்தாவில் 'சின்னமூல்' பார்த்துப் பாராட்டினார், அது சோவியத் நாட்டுக்கும் போனது. இங்கேயும் காலத்தைப் பாருங்கள்: புதோவ்கின் வந்தபோது படம் எடுத்து முடிந்திருந்தது. ஆகவே அந்தச் சந்திப்பு படத்தைப் பாதித்திருக்க வழியில்லை. ரஷ்யத் தாக்கத்தைத் தேடுபவர் அதற்கு முந்தைய கல்கத்தாவைப் பார்க்க வேண்டும்: 1929 முதல் ஆங்கிலத்தில் கிடைத்த புதோவ்கினின் நூல், 1947-இல் தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி, அது திரையிட்ட 'பொதெம்கின்'.