பழைய குறுகலான பாலத்தில் பத்துச் சக்கர லாரியை விடலாமா? ஒரு கணக்கும் அதன் அடிப்படையும்

கீழ்பவானி வாய்க்காலின் கிளைகள் மேல் அந்தக் காலத்தில் கட்டிய கான்கிரீட் பாலங்கள் பல இன்னும் ஓட்டத்தில் இருக்கின்றன. ஒரு வண்டி போகும் அகலம்தான். மாட்டுவண்டிக்கும் ஆறு சக்கர லாரிக்கும் போதும் என்று கட்டியவை. பக்கத்தில் கிரஷர் வந்துவிட்டால் பத்துச் சக்கர டிப்பர் வரிசை கட்டுகிறது. அப்போது கேள்வி எழும். ஊரில் வரும் பதில் பெரும்பாலும் “இத்தனை வருஷமா நிக்குதே, போகட்டும்” என்பதாகவோ, “விரிசல் இருக்கு, மூடிருங்க” என்பதாகவோ இருக்கும். இரண்டுமே அளந்து சொன்ன பதில் அல்ல.

சுமைத் தகுதி மதிப்பீட்டின் அடிப்படை எளிமையானது. ஸ்லாபுக்கு மொத்தமாக ஒரு தாங்கும் திறன் உண்டு. அதில் ஒரு பங்கு ஸ்லாபின் சொந்த எடைக்கும், இன்னொரு பங்கு மேலே போட்ட தாருக்கும் போய்விடும். மிச்சம் இருப்பதுதான் லாரிக்கு. அந்த மிச்சத்தை லாரி கேட்பதோடு வகுத்தால் வருவது தகுதி எண்:

```
RF = (C - D - W) / L
```

C தாங்கும் திறன், D சொந்த எடை, W தார், L லாரி. விடை 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த வண்டியை விடலாம். இந்திய சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 37 வழிகாட்டி பழைய பாலங்களின் மதிப்பீட்டுக்கு உரியது. சுமைகளுக்கு ஐ.ஆர்.சி. 6. சூத்திரம் பள்ளிக்கூடக் கணக்குதான். ஒவ்வொரு எழுத்துக்கும் நம்பக்கூடிய எண்ணைப் பாலத்தடியில் இறங்கி எடுத்து வருவதுதான் வேலை.

விளக்கத்துக்காக ஒரு பாலத்தை எடுத்துக்கொள்வோம். தாங்கு மையத்திலிருந்து தாங்கு மையம் 6 மீட்டர். ஸ்லாபின் அகலம் 4.2 மீட்டர், இரு ஓரத்திலும் கட்டைபோல எழும்பி நிற்கும் கெர்ப்புகளுக்கு இடையே 3.6 மீட்டர். ஸ்லாபின் கனம் 500 மி.மீ. கட்டியபோது மேலே போட்டது 75 மி.மீ. வரைபடம் கிடையாது. பழைய பாலம் என்றால் பெரும்பாலும் அப்படித்தான்.

வரைபடம் இல்லாததால் கம்பியைப் பாலத்திடமே கேட்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருக்கும் கோடை மாதங்கள்தான் இதற்கு நேரம். ஸ்லாபின் அடியில், நடுப்பகுதியில், கவர் மீட்டரால் கம்பி இடைவெளியைக் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று இடங்களில் ஒரு சாண் சதுரம் உடைத்துக் கம்பியை வெளியே காட்ட வேண்டும். கருவி மட்டும் சொல்லும் விட்டத்தை நம்பக் கூடாது. இடைவெளியைச் சரியாகச் சொல்லும், விட்டத்தில் ஏமாற்றும். நமது பாலத்தில் கிடைத்தது முக்கால் அங்குலத்துக்கு அடுத்த கம்பி, 7/8 அங்குலம், அதாவது 22 மி.மீ. முறுக்கில்லாத வழவழப்பான மைல்டு ஸ்டீல். இடைவெளி 6 அங்குலம். அந்தக் கால வேலை அங்குலத்தில்தான் இருக்கும், 152 மி.மீ. என்று அளவு வந்தால் யாரும் தவறு செய்துவிடவில்லை.

உடைத்த புது முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை இருக்கும் கான்கிரீட் ரோஸ் நிறமாகும். நிறம் மாறாத பகுதி கார்பனேற்றம் அடைந்தது. அங்கே கம்பிக்குக் காப்பு போய்விட்டது. பழைய ஸ்லாபின் நடுப்பகுதியில் கம்பி வரை ரோஸ் நிறம் வந்து, ஓரத்தில் தண்ணீர் வழியும் குழாய்க்குப் பக்கத்தில் நிறமே வராமல் இருப்பது உண்டு. சிதைவு அங்கேதான் தொடங்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு வெர்னியரால் அளக்க வேண்டும். துருவோடு அளந்தால் கம்பி கட்டியபோது இருந்ததைவிடப் பருத்துத் தெரியும், ஏனென்றால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கவர் கான்கிரீட் பெயர்ந்து விழுவதும் அந்த அழுத்தத்தால்தான். நம் உதாரணத்தில் பரப்பில் 10 சதவீதம் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கான்கிரீட்டின் வலிமைக்குக் கோர் எடுப்பதே, அதாவது உருளைத் துண்டாகத் துளைத்து எடுத்து நசுக்கிப் பார்ப்பதே நல்லது. மேற்பரப்பைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் மட்டும் போதாது. கார்பனேற்றம் மேல்தோலைக் கெட்டியாக்கிவிடுவதால் பழைய பாலங்களில் அது இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இங்கே 15 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்கொள்கிறோம். இரும்பின் இளகு வலிமை 250. ஸ்லாபில் கான்கிரீட்டைவிடக் கம்பிதான் முடிவு சொல்லும். கான்கிரீட் எண்ணைக் கொஞ்சம் கூட்டினாலும் விடை பெரிதாக மாறாது.

இனி எல்லாக் கணக்கும் ஒரு மீட்டர் அகலத்துக்கு, சுமை ஸ்லாபை வளைக்கும் மொமெண்டாக, டன்-மீட்டரில். துரு பிடிக்காத கம்பியோடு C சுமார் 23.1. பத்து சதவீதம் போனபின் 21.0. ஸ்லாபின் சொந்த எடைக்கு, பாதுகாப்புக் காரணி 1.35 சேர்த்து, D 7.6.

அடுத்து தார். கணக்குப் போடுபவர்கள் பலர் மறப்பது இதைத்தான். ரோடு போடும்போதெல்லாம் பாலத்தின் மேலும் ஒரு படலம் ஏறுகிறது, பழையதை யாரும் சுரண்டி எடுப்பதில்லை. எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்குக் கெர்ப்பே அளவுகோல். ஒரு சாண் உயரம், அதாவது 225 மி.மீ. கட்டியிருந்த கெர்ப் இன்று நாலு விரல்கடை, 75 மி.மீ.தான் வெளியே தெரிகிறது என்றால் புதிதாக ஏறியது 150 மி.மீ. பழைய 75-ஐயும் சேர்த்து 225. ஒரு சின்னத் துளை போட்டு உறுதி செய்துகொள்ளலாம். தாருக்குக் காரணி 1.75, ஸ்லாபைவிட அதிகம். எத்தனை படலம் ஏறும் என்று யாருக்கும் தெரியாது என்பதே காரணம். கட்டியபோது W 1.3. இன்று 3.9.

லாரிக்கு வருவோம். 2018-இல் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்டதில் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 ஆனது, பின்பக்க இரட்டை அச்சு 19-லிருந்து 21 டன் ஆனது. சட்டம் ஒரே நாளில் மாறியது, பாலம் மாறவில்லை. 6 மீட்டர் பாலத்துக்கு மொத்த எடை முக்கியமில்லை. இரட்டை அச்சு நடுவில் நிற்கும்போது முன் சக்கரங்கள் பாலத்தைத் தாண்டிப் போயிருக்கும். எனவே தாங்க வேண்டியது 1.4 மீட்டர் இடைவெளியில் நிற்கும் 10.5 டன் அச்சுகள் இரண்டு. அது தரும் அதிகபட்ச மொமெண்ட் 24.6 டன்-மீட்டர். அதிர்வுக்கு 37.5 சதவீதம் கூட்டினால் 33.8. இது 4.2 மீட்டர் அகலம் முழுவதும் பரவும். ஓரத்தில் ஒட்டி ஓட்டினாலும் இந்தக் குறுகிய பாலத்தில் முழு அகலமும் சேர்ந்தே வேலை செய்கிறது. மீட்டருக்கு 8.05, காரணி 1.5 சேர்த்து L 12.1.

குறுகல் இங்கே நமக்குச் சாதகம். இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவே முடியாது, அதனால் ஒரு வண்டிதான் கணக்கு. ஆனால் குறுகிய பாலத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும் என்று சொல்லி அதிர்வைக் குறைத்துக்கொள்வது எனக்கு ஒப்புதல் இல்லை. அணுகு சாலை இறங்கி, பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். மெதுவாக வந்தாலும் சக்கரம் அங்கே குதிக்கும்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். கட்டியபோது இருந்த நிலை: 23.1-இலிருந்து 7.6, 1.3 கழித்தால் 14.2. இதை 12.1-ஆல் வகுத்தால் 1.17. விடலாம். இன்றைய நிலை: 21.0-இலிருந்து 7.6, 3.9 கழித்தால் 9.5, தகுதி 0.79. விடக் கூடாது. தாரைச் சுரண்டிப் பழைய 75 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் 12.1, தகுதி சரியாக 1.0.

துரு எடுத்துக்கொண்டது 2.1. தார் எடுத்துக்கொண்டது 2.6. இந்தப் பாலத்தில் துருவைவிடத் தார் அதிகமாகத் தின்றிருக்கிறது. துருவுக்கு வழி செலவு பிடித்தது, தாருக்கு, அதைச் சுரண்டும் ஒரு மில்லிங் இயந்திரம் ஒருநாள் வந்தால் போதும். மில்லிங் செய்யும்போது இரு பக்கமும் சாலையை மெல்ல இறக்கி இணைக்காவிட்டால் மேலே சொன்ன பள்ளத்தை நாமே உண்டாக்குகிறோம்.

இன்றைய நிலையிலேயே ஆறு சக்கர லாரி போகலாம். அதன் பின் அச்சு 11.5 டன். தனி அச்சாக இருந்தாலும் ஒன்றுதான் என்பதால் L 8.5, தகுதி 1.12. ஆகவே “அதிகபட்சம் 15 டன்” என்று ஒரே எண்ணை மட்டும் பலகையில் எழுதினால் 18.5 டன் ஆறு சக்கர லாரியைத் தேவையில்லாமல் தடுப்பீர்கள்; “20 டன்” என்று எழுதினால் மூன்றச்சு லாரிகளை எடைச்சீட்டைக் காட்டி வாதிட அழைப்பீர்கள். பலகையில் லாரியின் படமும் அச்சு எடையும் இருப்பது நல்லது. சில இடங்களில் குறுக்கே உயரத் தடுப்பு போடுகிறார்கள். சோளத்தட்டு ஏற்றிய லாரியை அது நிறுத்தும், ஜல்லி ஏற்றிய டிப்பரை உள்ளே விடும்.

மில்லிங் முடிந்த பிறகு தகுதி 1.0 என்பது 28.5 டன்னுக்கு மட்டும். எம்-சாண்ட் ஒரு யூனிட் 100 கன அடி. ஈரமாக இருந்தால் சுமார் 5 டன். நான்கு யூனிட் ஏற்றினால் மணல் மட்டும் 20 டன், லாரியோடு 31 ஆகிவிடும். கூடுதல் எடை பெரும்பாலும் பின் அச்சில் விழும். 21 டன் அச்சு 23 ஆனால் தகுதி 0.91. 1.5 காரணி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது அளவின் பிழைக்கும் தெரியாததுக்கும் வைத்தது, தெரிந்தே ஏற்றும் நான்காவது யூனிட்டுக்கு அல்ல. திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். இயந்திரம் நிரந்தரமாகப் பொருத்தியிருப்பதால் சுமையைக் குறைத்துக்கொண்டு வர முடியாது. எடைமேடையில் முதலில் முழு வண்டியையும், பிறகு பின் அச்சுகளை மட்டும் நிறுத்தி எடுத்த இரு சீட்டுகளும் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கணக்கு ஸ்லாபின் நடுவில் வளைவை மட்டும் பார்த்தது. தாங்குமிடத்தில் வெட்டுவிசையையும், ஸ்லாபின் முனையைத் தாங்கும் கருங்கல் அபட்மென்டில் மூட்டு விட்டிருக்கிறதா, அடியில் மண் அரித்திருக்கிறதா என்பதையும் தனியாகப் பார்த்தாக வேண்டும். தாங்குமிடத்துக்குப் பக்கத்தில் சாய்வாக விரிசல் ஓடினால் மேற்படி எண்கள் எதையும் நம்பாமல் வண்டியை நிறுத்துங்கள். நடுவில் குறுக்காக மெல்லிய விரிசல் இருப்பது பழைய ஸ்லாபுக்கு இயல்பு.

தகுதி 1.0-ஐ ஒட்டி வந்தால் எஸ்.பி. 51 முறைப்படி சுமைச் சோதனை செய்யலாம். படிப்படியாக ஏற்றி, முழுச் சுமையை 24 மணி நேரம் வைத்து, இறக்கியபின் 24 மணி நேரத்தில் தொய்வில் 75 சதவீதமாவது திரும்ப வர வேண்டும். தொய்வை அளக்கும் டயல் கேஜைத் தாங்கும் சாரம் வாய்க்கால் தரையில் தனியாக நிற்க வேண்டும். பாலத்திலேயே கட்டினால் பாலத்தோடு அதுவும் இறங்கிவிடும். வெயில் ஸ்லாபை வளைக்கும் என்பதால் காலையில் எடுத்த அளவை மதியத்தோடு ஒப்பிடாமல், சுமையில்லாத நாளின் அதே மணி அளவையும் குறித்து வையுங்கள். சோதனைச் சுமைக்கு மேல் பாலம் எவ்வளவு தாங்கும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

மில்லிங் முடிந்த அன்றே கெர்ப்பில் வெளியே தெரியும் உயரத்தை மி.மீ.-இல் எழுதிப் பெயிண்ட் அடித்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை ரோடு போட வருபவர் பாலத்தின் மேல் படலம் ஏற்றினால், எவ்வளவு என்று டேப் பிடித்து ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.