படுத்ததும் தூங்குபவருக்கும் மாலை காபி ஆகாது

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர், வேலூரில் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். இரவு பத்தரைக்குப் படுத்தால் உடனே தூங்கிவிடுகிறார். ஆனால் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. காலையில் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது. காபியைப் பற்றிக் கேட்டதும், "அதனால் இல்லை டாக்டர், காபி குடித்த கையோடு கூட எனக்குத் தூக்கம் வரும்" என்றார். பலரும் உறுதியாக நம்புவது இதைத்தான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை ஆற்றலைச் செலவிடுகிறது. அதன் விளைவாக அடினோசின் என்ற பொருள் மூளையில் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது நரம்பணுக்களின் ஏற்பிகளில் அமரும்போது விழிப்பு தணிந்து தூக்கம் அழுத்துகிறது. தூங்கும்போது அதன் அளவு குறைகிறது. காபியில் இருக்கும் காஃபீன் அடினோசினைக் குறைப்பதில்லை. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்த ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடினோசின் வெளியே சேர்ந்துகொண்டே இருக்கும். காஃபீன் விலகும்போது மொத்தமாகக் களைப்பு தாக்குவது இதனால்தான்.

காஃபீன் உடலில் பாதியாகக் குறையப் பெரும்பாலானோருக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் பல மணி நேரம் நீளும். இவர் காலை 6, முற்பகல் 11, மாலை 4, இரவு 7 என நான்கு டம்ளர் குடிக்கிறார். அவர் எதிரிலேயே தாளில் கணக்குப் போட்டேன். நள்ளிரவில் 7 மணிக் காபியில் பாதி, 4 மணிக் காபியில் மூன்றில் ஒரு பங்கு, முந்தைய இரண்டின் மிச்சம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு முழு டம்ளரின் காஃபீன் ரத்தத்தில் இருக்கிறது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பதினேழு மணி நேரம் சேர்ந்த அழுத்தம் அவரைப் படுத்ததும் தூங்க வைத்துவிடுகிறது. ஆனால் சில மணி நேரத் தூக்கத்தில் அந்த அழுத்தம் கரைந்ததும், மிச்சமிருக்கும் காஃபீனின் கை ஓங்குகிறது. ஆழ்ந்த தூக்கமும் குறைகிறது; அது குறைந்ததைத் தூங்குபவரால் உணர முடியாது. மறுநாள் களைப்புக்கு மீண்டும் காபியே மருந்தாகிறது. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தச் சுழற்சிதான்.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கிச் சில நாள் நீடிக்கலாம். முதல் வாரம் இரவு 7 மணிக் காபியை மட்டும் விட்டார். அடுத்த வாரம் 4 மணிக் காபியைப் பாதி டம்ளராக்கி, பிறகு அதையும் நிறுத்தினார். காலை, முற்பகல் காபி அப்படியே இருக்கிறது. டீக்கு மாறலாமா என்றார். டீயிலும் காஃபீன் உண்டு, மாலையில் அதுவும் வேண்டாம் என்றேன். ஒரு மாதத்தில் இரண்டு மணி விழிப்பு அரிதாகிவிட்டது.

மாலைக் காபியை நிறுத்திச் சில வாரங்கள் ஆன பின்பும் பகலில் கண் சொக்கினால், குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் உண்டா என்று வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள். இருந்தால் அது காபியால் வந்ததல்ல. உறக்கப் பரிசோதனை தேவைப்படும்.