சர்வில் வெல்லும் புள்ளியிலிருந்து ஆட்டத்தின் ஆட்ஸ் வரை: டென்னிஸ் ஸ்கோர் விதி சொல்லும் கணக்கு

டென்னிஸ் பந்தயத்தில் ஒரு வீரருக்கு 1.55 என்று ஆட்ஸ் போட்டிருந்தால், அவர் வெல்ல ஏறத்தாழ 64.5% வாய்ப்பு என்று அர்த்தம். ஒன்றை ஆட்ஸால் வகுத்தால் நிகழ்தகவு கிடைக்கும். அந்த எண் சரியா தவறா என்று பார்க்க, இரண்டே தகவல் போதும்: முதல் வீரர் சர்வ் செய்யும்போது நூற்றுக்கு எத்தனை புள்ளி வெல்கிறார், எதிராளி தன் சர்வில் எத்தனை வெல்கிறார். மற்றதையெல்லாம் ஸ்கோர் விதியே தீர்மானித்துவிடுகிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தில் 5, 6, 7 ஆகிய மூன்று விதிகள் கேம், செட், ஆட்டம் ஆகியவற்றை முறையே எப்படி எண்ணுவது என்று சொல்கின்றன. கணக்கும் அதே வரிசையில் மூன்று படியாகப் போகிறது.

எடுத்துக்காட்டாக, வீரர் அ தன் சர்வில் 65% புள்ளிகளையும், வீரர் ஆ தன் சர்வில் 62% புள்ளிகளையும் வெல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் நூற்றுக்கு மூன்று புள்ளிதான். இது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்போம்.

முதல் படி: கேம்

நான்கு புள்ளி எடுத்து, எதிராளியைவிட இரண்டு புள்ளி முன்னால் இருப்பவருக்குக் கேம். அ தன் சர்வ் கேமை நான்கு வழிகளில் வெல்லலாம். ஒரு புள்ளிகூட விடாமல் வெல்வது 0.65-ஐ நான்கு முறை பெருக்கியது, அதாவது 0.1785. ஒரு புள்ளி விட்டு வெல்வதென்றால், கடைசிப் புள்ளி அவருடையதாக இருந்தே ஆக வேண்டும். ஆகவே விட்ட புள்ளி முதல் நான்கில் ஒன்று. நான்கு விதமாக நடக்கும், மொத்தம் 0.2499. இரண்டு புள்ளி விட்டு வெல்ல பத்து விதம் உண்டு, அது 0.2187.

மிச்சம் இருப்பது டியூஸ். மூன்றுக்கு மூன்று என்ற நிலைக்கு வர 20 விதம் உண்டு, நிகழ்தகவு 0.2355. அங்கிருந்து எவ்வளவு நேரம் இழுத்தாலும் கணக்கு எளிதுதான். தொடர்ந்து இரண்டு புள்ளி எடுத்தவர் வென்றார். ஆளுக்கொன்று எடுத்தால் மறுபடி டியூஸ், எதுவும் மாறவில்லை. அதனால் ஆளுக்கொன்று என்பதை அப்படியே ஒதுக்கிவிடலாம். அ இரண்டும் எடுப்பது 0.4225, ஆ இரண்டும் எடுப்பது 0.1225. இந்த இரண்டில் அ-வின் பங்கு 0.775. இதை 0.2355-ஆல் பெருக்கினால் 0.1826. நான்கையும் கூட்டினால் 0.83.

```
def game(p):
    q = 1 - p
    deuce = p*p / (p*p + q*q)
    return p**4*(1 + 4*q + 10*q*q) + 20*p**3*q**3*deuce
```

இதே வாய்பாட்டில் 0.62 போட்டால் ஆ தன் சர்வ் கேமைக் காப்பாற்றும் வாய்ப்பு 0.776 என்று வரும். புள்ளியில் மூன்றாக இருந்த இடைவெளி கேமில் ஐந்துக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்கோர் விதி ஒரு பூதக்கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு படியிலும் சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும்.

இரண்டாம் படி: செட்

பலர் தடுமாறுவது இங்கேதான். 6-0, 6-1, 6-2 என்று ஒவ்வொரு ஸ்கோருக்கும் தனித்தனியாக வழிகளை எண்ணப் போவார்கள். யார் முதலில் சர்வ் செய்கிறார் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், பிழையும் வரும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: செட் முன்பே முடிந்தாலும், பத்து கேமும் ஆடியதாகவே பாவித்துக்கொள்ளுங்கள். 6-2 என்று முடிந்த செட்டில் இன்னும் இரண்டு கேம் ஆடினாலும் வென்றவர் மாறப்போவதில்லை. பத்து கேமில் ஆளுக்கு ஐந்து சர்வ். ஆகவே யார் முதலில் சர்வ் செய்தாலும் கணக்கு ஒன்றே.

அ தன் ஐந்து சர்வ் கேமில் ஒவ்வொன்றையும் 0.83 வாய்ப்பில் வெல்கிறார். எதிராளியின் ஐந்து சர்வ் கேமில் ஒவ்வொன்றையும் 0.224 வாய்ப்பில் பிரேக் செய்கிறார். இரண்டையும் சேர்த்து ஆறு கேமோ அதற்கு மேலோ அவருக்கு வரும் வாய்ப்பு 0.422. நாலு கேமோ அதற்குக் கீழோ வருவது 0.262, அப்போது செட் ஆ-வுக்கு. மீதி 0.316, ஐந்துக்கு ஐந்து.

5-5-லிருந்து இன்னும் இரண்டு கேம். அ இரண்டையும் எடுத்து 7-5 என்று முடிப்பது 0.186. ஆ முடிப்பது 0.132. மற்ற 0.682 வாய்ப்பில் 6-6, டைபிரேக். மொத்தத்தில் இந்த இருவருக்குள் ஒரு செட் டைபிரேக்குக்குப் போகும் வாய்ப்பு 21.5%.

டைபிரேக்குக்கும் அதே உத்திதான். முதல் பன்னிரண்டு புள்ளியில் ஆளுக்கு ஆறு சர்வ். அதில் அ ஏழு அல்லது அதற்கு மேல் எடுப்பது 0.425. ஆறுக்கு ஆறு ஆவது 0.234. அதன்பின் ஆளுக்கொரு சர்வாக வரும் இரண்டு புள்ளிகளையும் அ எடுப்பது 0.65 × 0.38, ஆ எடுப்பது 0.35 × 0.62, இதில் அ-வின் பங்கு 0.532. எல்லாம் சேர்த்து டைபிரேக்கில் அ வெல்ல 0.55. கேம் கணக்கில் கிடைத்த எண்ணை டைபிரேக்குக்கும் பயன்படுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. டைபிரேக்கில் சர்வ் மாறிக்கொண்டே இருக்கிறது, அங்கே புள்ளி நிகழ்தகவுதான் செல்லும்.

இப்போது செட்: 0.422-உடன், 0.316-ஐ (0.186 + 0.682 × 0.55) ஆல் பெருக்கிக் கூட்டினால் 0.599.

மூன்றாம் படி: ஆட்டமும் ஆட்ஸும்

செட் வெல்லும் வாய்ப்பை s என்று எடுத்துக்கொண்டால், மூன்று செட் ஆட்டத்துக்கு ஒரு வாய்பாடு, ஐந்து செட் ஆட்டத்துக்கு ஒன்று:

```
best_of_3 = s**2 * (3 - 2*s)
best_of_5 = s**3 * (10 - 15*s + 6*s**2)
```

நம் எடுத்துக்காட்டில் மூன்று செட்டுக்கு 0.647, ஐந்து செட்டுக்கு 0.681. ஒன்றை இவற்றால் வகுத்தால் நியாயமான ஆட்ஸ். மூன்று செட் என்றால் அ-வுக்கு 1.55, ஆ-வுக்கு 2.83. ஐந்து செட் என்றால் 1.47-ம் 3.13-ம். இருவரும் அதே ஆட்டக்காரர்கள், திறமையும் அதேதான். செட் எண்ணிக்கை மட்டும் கூடியதில் வலுவானவரின் ஆட்ஸ் குறைந்துவிட்டது. செட் ஸ்கோருக்கும் இதே எண் போதும்: 2-0 என்று அ வெல்வது 0.599 × 0.599 = 0.359, அதாவது நியாயமான ஆட்ஸ் 2.79.

விதி மாறினால் எண்ணும் மாறும்

மேலே பார்த்தது வழக்கமான ஸ்கோர் முறைக்கு மட்டும். பல இரட்டையர் போட்டிகளில் டியூஸில் ஒரே ஒரு புள்ளியில் கேமை முடித்துவிடுகிறார்கள். அந்த விதியில் வாய்பாட்டின் deuce இருக்கும் இடத்தில் வெறும் p வரும். 0.65-க்குக் கேம் 0.83-லிருந்து 0.80-க்கு இறங்கும். அதே போட்டிகளில் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக் வைப்பதும் உண்டு. நம் எண்களுக்கு அந்த டைபிரேக்கில் அ வெல்வது சுமார் 0.56தான். செட் வாய்ப்பை மாற்றாமல் இதை மட்டும் சேர்த்தாலே ஆட்டம் 0.647-லிருந்து 0.63 அளவுக்கு இறங்கிவிடும். கிராண்ட்ஸ்லாம் நான்கிலும் 2022 முதல் கடைசி செட்டில் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக். அதனால் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது, ஆனால் மொத்த கேம் எண்ணிக்கை மீது பந்தயம் இருந்தால் அதைக் கவனித்தே ஆக வேண்டும். 2010 விம்பிள்டனில் ஐஸ்னரும் மஹூவும் கடைசி செட்டை 70-68 வரை ஆடியது போல இனி நடக்க வழியில்லை.

கணக்கு எங்கே உடைகிறது

வாய்பாடு தப்பாவது அரிது. தப்பாவது உள்ளே போடும் எண். புள்ளிவிவரத் தாளில் முதல் சர்வில் வென்ற சதவீதம் பெரிதாக நிற்கும், அதை எடுத்துப் போட்டால் எல்லாம் வீங்கிவிடும். தேவைப்படுவது மொத்த சர்வ் புள்ளி. முதல் சர்வ் 60% உள்ளே விழுந்து அதில் 75% வென்று, இரண்டாம் சர்வில் 50% வென்றால், 0.60 × 0.75 + 0.40 × 0.50 = 0.65. டபுள் ஃபால்ட் இரண்டாம் சர்வில் தோற்ற புள்ளியாக ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதைத் தனியாகக் கழிக்கக் கூடாது.

எதிராளியையும் சேர்க்க வேண்டும். அ வழக்கமாக 66% எடுப்பவர், ஆ சராசரி வீரரைவிட ரிட்டர்னில் ஒரு சதவீதம் அதிகம் எடுப்பவர் என்றால், இந்த ஆட்டத்துக்கு 65%. எடுக்கும் எண்கள் அதே வகைத் தரையில் ஆடியவையாக இருக்க வேண்டும். புல்தரை எண்ணைக் களிமண் தரைக்குக் கொண்டுபோனால் டைபிரேக் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது, என் மதிப்பில் அதுதான் மிகப் பெரியது. 500 சர்வ் புள்ளிகளிலிருந்து எடுத்த 65%-இன் திட்டப்பிழை 2 சதவீதப் புள்ளிக்கு மேல். அதை ஒன்றாகக் குறைக்க ஏறக்குறைய 2,000 புள்ளிக்கு மேல் வேண்டும். ஒரே ஒரு சதவீதப் புள்ளி தவறி, அ-வின் உண்மையான எண் 0.64 என்றால், மூன்று செட் ஆட்டத்தின் வாய்ப்பு 0.647-லிருந்து 0.60-க்கு வந்துவிடுகிறது. நியாயமான ஆட்ஸ் 1.55 அல்ல, 1.67.

இதைப் பந்தய நிறுவனத்தின் பங்கோடு வைத்துப் பாருங்கள். அ-வுக்கு 1.50, ஆ-வுக்கு 2.60 என்று ஆட்ஸ் இருந்தால், இரண்டின் நிகழ்தகவும் கூடி 1.051 வருகிறது. ஒன்றுக்கு மேலுள்ள அந்த 5.1% நிறுவனம் தன் பங்குக்காக ஏற்றி வைத்தது. 0.667-ஐ 1.051-ஆல் வகுத்தால் சந்தை அ-வுக்குக் கொடுக்கும் வாய்ப்பு 0.634. நம் கணக்கு 0.647. உங்கள் எண் சந்தையைவிட அதிகம் என்று மகிழ்வதில் பயனில்லை, 1.50-க்குப் பணம் போட 0.667-க்கு மேல் வாய்ப்பு வேண்டும். நம் கணக்குப்படியே இது நஷ்டப் பந்தயம்.

ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைப் பொறுத்ததல்ல என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை அனுமானம். விம்பிள்டன் புள்ளிகளை ஆராய்ந்த கிளாசன், மக்னஸ் இருவரும் 2001-இல், அது முழு உண்மை அல்ல, ஆனால் விலகல் சிறியது என்று காட்டினார்கள். காயம் மட்டும் அப்படியல்ல. கணக்கு ஆட்டம் முடியும் என்றே எடுத்துக்கொள்கிறது. ஒருவர் பாதியில் விலகினால் சில நிறுவனங்கள் ஒரு செட் முடிந்திருந்தால் பந்தயத்தைச் செல்லும் என்கின்றன, சில ஆட்டம் முழுதும் முடிந்திருந்தால்தான் என்கின்றன. ஒரே ஆட்டத்துக்கு இரு இடங்களில் வேறு வேறு ஆட்ஸ் தெரிந்தால், முதலில் விலகல் பற்றிய அந்த விதியைப் படித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.