பசியை விழுங்கும் நள்ளிரவுக் கோப்பி

உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில், விளையாடுகிற பிள்ளைகள் போசணை ஆலோசகரான என்னிடம் அநேகமாக ஒரே முறைப்பாட்டோடுதான் வருவார்கள். "கால் பாரமா இருக்கு மிஸ், ஓட ஏலாது." கூட வரும் அம்மா சத்து மாத்திரை கேட்பார். நான் மாத்திரைக்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போனது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதச் சொல்வேன்.

கல்லடியிலிருந்து வந்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 17 வயது, 52 கிலோ, உயிரியல் பிரிவு, 800 மீற்றர் ஓட்டக்காரி. அவள் எழுதியது இது: காலை 5.30க்குச் சீனி போட்ட பிளேன்ரீ, அதோடு ரியூசன். 10.30க்கு ஒரு பணிசும் பிளேன்ரீயும். 2 மணிக்குக் கொஞ்சம் சோறு. 4.30க்கு வெபர் மைதானத்தில் பயிற்சி. 6.30க்கு மறுபடி பிளேன்ரீ. இரவு 9 மணிக்கு மூன்று இடியப்பம். 10.30க்கு ஒரு கோப்பி, 1 மணிக்கு இன்னொன்று.

"காலையில ஏன் சாப்பிடல்ல?"

"பசிக்கிறதே இல்ல மிஸ்."

நான் பிடித்துக்கொண்டது இந்தப் பதிலைத்தான். அடுத்த முறை வீட்டுக் கோப்பிக் கரண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அவள் வழக்கமாக எடுப்பதுபோலக் குவித்து எடுத்த தூளைத் தராசில் வைத்தோம். 3 கிராம் காட்டியது. உடனடிக் கோப்பித்தூளில் அது ஏறத்தாழ 90 மில்லிகிராம் கஃபீன். இரண்டு கோப்பிக்கு 180, மூன்று பிளேன்ரீக்குச் சுமார் 120, ஆக மொத்தம் 300. வளரிளம் பருவத்தினருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 3 மில்லிகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் நாளாந்த எல்லை. அவளுக்கு அது 156. எனர்ஜி ட்ரிங்க் குடிக்கும் பிள்ளைகள் 250 மில்லிலீற்றர் ரின் ஒன்றுக்கு இன்னும் 80ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உடலில் கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணித்தியாலம் எடுக்கும். 1 மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி, காலை 6 மணிக்கு ரியூசனில் இருக்கும்போதும் உடலில் கிடக்கிறது. அதனால் படுத்த கொஞ்ச நேரத்திலும் ஆழ்ந்த தூக்கம் இல்லை. எழும்பியதும் தலை கனக்கிறது, அதற்கு ஒரு பிளேன்ரீ. சிலருக்கு வெறும் வயிற்றில் அது பசியையும் அடக்கிவிடும். இப்படியே பாதி நாள் போய்விட, பின்னேரம் மைதானத்தில் நிற்கும்போது தசைகளில் எரிக்கச் சேமிப்பு போதாது. கால் பாரம் அங்கிருந்துதான் வருகிறது.

கோப்பியை உடனே நிறுத்தச் சொல்லவில்லை. திடீரென்று விட்டால் ஒரு நாளுக்குள் தலையிடி தொடங்கும். ஒரு வாரம் வரை இழுக்கலாம். பரீட்சைக் கிழமையில் யாரும் இதைச் செய்யக்கூடாது. அவளுக்குப் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது, அது வசதியாகப் போயிற்று.

முதல் வாரம் சாப்பாட்டை மட்டும் சேர்த்தோம். பின்னேரம் 3.30க்கு இரண்டு வாழைப்பழம் அல்லது ஜாம் பூசிய இரண்டு துண்டு பாண். பயிற்சி முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள், 9 மணி வரை காத்திராமல், சோறும் மீனும், இல்லாவிட்டால் பிட்டும் முட்டையும். அப்புறம் ஒரு கோப்பை எருமைத் தயிர். ரியூசன் பையில் அவித்த கடலை. பிளேன்ரீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளச் சொன்னேன். தேயிலை, உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். மாதவிடாய் வரும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டாம் வாரத்தில்தான் கோப்பியில் கை வைத்தோம். முதலில் 1 மணிக் கோப்பியின் தூளை மூன்று நாளுக்கொரு தடவை அரைக் கரண்டியாக, காலாகக் குறைத்து நிறுத்தினாள். பிறகு 10.30 கோப்பி பின்னேரம் 3 மணிக்கு இடம் மாறியது. மாலைப் பிளேன்ரீயை விட்டாள். படுக்கை 11 மணிக்கு வந்தது.

பயிற்சியைக் குறைக்க அவளுக்கு மனமில்லை. அவளுடைய பயிற்றுநரோடு பேசி ஐந்து நாளை மூன்றாக்கினோம். தூரத்தைக் குறைத்து வேகத்தை விட்டுவைத்தோம். வேகம் குறையாத வரை சில வாரங்களுக்கு உடற்தகுதி பெரிதாக இறங்காது.

எல்லாரையும் உணவால் மட்டும் சரிப்படுத்த முடியாது. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், மயக்கம் வந்தால், நெஞ்சு படபடத்தால், படியேற மூச்சு வாங்கினால் முதலில் வைத்தியரிடம் போங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கக் கேளுங்கள். முதலாவது சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். இவளுக்கு இரண்டும் சரியாகவே இருந்தன.

நாலாவது வாரம் வந்தபோது நேரத்தைப் பற்றித்தான் முறையிட்டாள். "அஞ்சரைக்கே பசிக்குது மிஸ். அம்மா அவ்வளவு வெள்ளனப் பிட்டு அவிக்க மாட்டா." முதல்நாள் இரவே இரண்டு முட்டை அவித்து வைக்கச் சொல்லி, வாழைப்பழத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.