ஒரு ஃபிரேமுக்கு எத்தனை ரூபாய்? ரிவ்யூ அட்டவணையை நம்பும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கிராஃபிக்ஸ் கார்டு ரிவ்யூக்களின் முடிவில் பெரும்பாலும் ஓர் அட்டவணை வரும். கார்டின் விலையை, அது கேம்களில் ஒரு நொடிக்குத் தரும் சராசரி ஃபிரேம்களால் வகுத்து, ஒரு ஃபிரேமுக்கு இவ்வளவு செலவு என்று வரிசைப்படுத்தியிருப்பார்கள். எண் குறைவாக இருந்தால் காசுக்கு ஏற்ற கார்டு. வகுத்தலில் தவறு வர வழியில்லை. ஆனால் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் எப்படி வந்தன என்பதைப் பொறுத்து இந்த வரிசை தலைகீழாகவே மாறிவிடும்.

முதலில் சராசரி. கணக்குக்காக இரண்டு கார்டுகளை எடுத்துக்கொள்வோம். முதல் கார்டு 30,000 ரூபாய். ஐந்து கேம்களில் 50, 60, 70, 80, 240 ஃபிரேம்கள் தருகிறது. இரண்டாவது 33,000 ரூபாய். அதே கேம்களில் 60, 72, 84, 96, 200. கடைசி எண், எளிதில் ஓடக்கூடிய ஓர் ஈஸ்போர்ட்ஸ் கேமுடையது. கூட்டிப் பார்த்து ஐந்தால் வகுத்தால் முதல் கார்டுக்கு 100, இரண்டாவதற்கு 102.4. ஃபிரேமுக்கு 300 ரூபாய், 322 ரூபாய். முதல் கார்டே சிக்கனம் என்று அட்டவணை சொல்லும்.

ஆனால் இரண்டாவது கார்டு நான்கு கேம்களில் சரியாக 20 சதவீதம் வேகமானது. ஒரே ஒரு கேமில்தான் 17 சதவீதம் பின்தங்குகிறது. நான்கு கேம்களில் கிடைத்த லாபம் மொத்தம் 52 ஃபிரேம்கள். அந்த ஒரு கேமில் போனது 40. எண்கள் பெரிதாக இருக்கும் கேம், கூட்டுச் சராசரியில் மற்ற நான்கையும் ஏறக்குறைய விழுங்கிவிட்டது. இதனால்தான் கவனமாக வேலை செய்யும் ரிவ்யூக்காரர்கள் பெருக்குச் சராசரியைப் பயன்படுத்துகிறார்கள்: ஐந்து எண்களையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுப்பது. இதில் ஒவ்வொரு கேமின் சதவீத வித்தியாசமும் சம எடை பெறும். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரே வரி:

```
=GEOMEAN(B2:B6)
```

இப்போது முதல் கார்டுக்கு 83.4, இரண்டாவதற்கு 93.0. ஃபிரேமுக்குச் செலவு 360 ரூபாயும் 355 ரூபாயும். விலையோ அளவீடுகளோ மாறாமலேயே வரிசை புரண்டுவிட்டது. எந்தச் சராசரி என்று ரிவ்யூ சொல்லாவிட்டால், தனித்தனி கேம்களின் எண்களை எடுத்து நாமே கணக்கிட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை. அந்த ஈஸ்போர்ட்ஸ் கேமை மட்டுமே ஆடுபவருக்கு இந்தச் சராசரிகளே தேவையில்லை: 30,000-ஐ 240-ஆல் வகுத்தால் 125, 33,000-ஐ 200-ஆல் வகுத்தால் 165. அவருக்கு முதல் கார்டுதான்.

சராசரியைக் கெடுக்கும் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. 1080p அட்டவணையில் விலை உயர்ந்த கார்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணில் முட்டி நின்றால், அங்கே அளக்கப்பட்டிருப்பது பிராசசரின் எல்லை; அந்த வரிசையிலிருந்து கார்டின் மதிப்பைச் சொல்ல முடியாது, 1440p அல்லது 4K அட்டவணைக்குப் போக வேண்டும். ஃபிரேம் ஜெனரேஷன் போட்டு எடுத்த எண்களையும் இந்த வகுத்தலில் சேர்க்கக் கூடாது. இடைச்செருகலாக வரும் ஃபிரேம் திரையில் அசைவை மென்மையாக்கும். மவுஸை அசைத்ததற்கும் திரை மாறுவதற்கும் இடையிலான தாமதத்தை அது குறைப்பதில்லை.

அடுத்து விலை. வெளிநாட்டு ரிவ்யூக்களில் இருப்பது பெரும்பாலும் டாலரில் அறிவிப்பு விலை, அமெரிக்க விற்பனை வரி சேராதது. இந்தியாவில் நாம் கொடுப்பதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. வரி எல்லாக் கார்டுகளுக்கும் ஒரே விகிதத்தில் ஏறுவதால் வரிசை மாறாது. வரிசையை மாற்றுவது, ஒரு கார்டு இங்கே தள்ளுபடியில் கிடைப்பதும் இன்னொன்று வரத்து குறைந்து விலை ஏறியிருப்பதும்தான். எனவே ரிவ்யூவிலிருந்து ஃபிரேம் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, விலையை வாங்கப்போகும் கடையிலிருந்து, வாங்கும் வாரத்தில் போடுவதே சரி.

இப்போது இந்த அளவுகோலின் உள்ளார்ந்த சாய்வுக்கு வருவோம். கார்டை மட்டும் தனியே வகுத்தால் பெரும்பாலும் மலிவான கார்டே ஜெயிக்கும். 25,000 ரூபாய்க்கு 60 ஃபிரேம் தரும் கார்டில் ஃபிரேமுக்கு 417 ரூபாய். 45,000 ரூபாய்க்கு 90 ஃபிரேம் தருவதில் 500 ரூபாய். ஆனால் கார்டு தனியாக ஓடாது. புது கம்ப்யூட்டர் கட்டுபவருக்கு பிராசசர், மதர்போர்டு, மெமரி, பவர் சப்ளை, கேபினட் எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தச் செலவில் ஃபிரேமுக்கு முதலாவது 1,250 ரூபாய், இரண்டாவது 1,056 ரூபாய்.

இருக்கும் கம்ப்யூட்டரில் கார்டை மட்டும் மாற்றுபவருக்குக் கணக்கு வேறு. அவரிடம் ஏற்கெனவே 45 ஃபிரேம் இருக்கிறது, பழைய கார்டை 8,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்று கொள்வோம். முதல் கார்டுக்குக் கையிலிருந்து போவது 17,000. கூடுதலாகக் கிடைப்பது 15 ஃபிரேம். ஒன்றுக்கு 1,133 ரூபாய். இரண்டாவதற்கு 37,000 ரூபாயில் 45 ஃபிரேம் கூடுகிறது, ஒன்றுக்கு 822. ஏற்கெனவே கையில் இருக்கும் ஃபிரேமுக்கு மறுபடியும் பணம் கட்டுவதாகக் கணக்குப் போடக் கூடாது என்பதுதான் விஷயம். இதற்காக 45,000 ரூபாயைப் புரட்டியே ஆக வேண்டும் என்றில்லை. பணம் 25,000-தான் என்றால் அந்த எல்லைக்குள் இருக்கும் கார்டுகளை மட்டும் ஒப்பிட வேண்டும்.

எந்த வகுத்தலாலும் பிடிக்க முடியாதது கார்டிலுள்ள மெமரி. இதற்குத் தெளிவான உதாரணம் 2023-இல் என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ. 8 ஜிபி கார்டு 399 டாலர், 16 ஜிபி கார்டு 499 டாலர். இரண்டிலும் ஒரே சிப், ஒரே 128 பிட் மெமரி பாதை, நொடிக்கு 288 ஜிபி வேகம். 8 ஜிபிக்குள் அடங்கும் கேம்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஃபிரேம்களைத் தரும்; ஆகவே 16 ஜிபி கார்டின் ஃபிரேம் செலவு 25 சதவீதம் கூடுதலாக, அட்டவணையின் அடியில் போய் நிற்கும்.

கேமில் பொருள்களின் பரப்பில் ஒட்டப்படும் படங்களான டெக்ஸ்சர்கள் 8 ஜிபியைத் தாண்டும்போதுதான் நிலைமை மாறுகிறது. மிஞ்சியவை கம்ப்யூட்டரின் மெமரிக்குப் போய், தேவைப்படும்போது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வர வேண்டும். இந்தக் கார்டு பயன்படுத்துவது எட்டு லேன்கள் மட்டுமே: நான்காம் தலைமுறை மதர்போர்டில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி, மூன்றாம் தலைமுறை என்றால் அதில் பாதி. 288 எங்கே, 8 எங்கே! ஆட்டம் விக்கி விக்கி ஓடும். சராசரி எண் ஓரளவே குறையும். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்லும் ‘1% லோ’ என்ற கட்டத்தில் இருக்கும் எண்தான் சரியும். சராசரி 70 இருக்க, 1% லோ 20-க்குப் போயிருந்தால் மெமரி நிரம்பியதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்ததும் அது சட்டென்று ஏறினால் சந்தேகம் உறுதி.

இன்னும் சிக்கலானது, சில கேம்கள் விக்குவதே இல்லை. மெமரி போதாதபோது தாமாகவே டெக்ஸ்சரின் தரத்தை இறக்கிவிடும். ஃபிரேம் எண்ணும் 1% லோவும் நன்றாகவே இருக்கும். சுவரும் துணியும் மட்டும் களிமண் பூசியதுபோல் மங்கித் தெரியும். இப்படிப்பட்ட கேமில் இரு கார்டுகளும் வெவ்வேறு படத்தை வரைந்துவிட்டு ஒரே எண்ணைக் காட்டுகின்றன. இதைப் பிடிக்க, இரண்டு கார்டுகளின் திரைப்பதிவையும் அருகருகே வைத்துக் காட்டும் ரிவ்யூவைத்தான் தேட வேண்டும். பத்து நிமிடமாவது ஆடிய பிறகு எடுத்த பதிவாக அது இருப்பது நல்லது. கேமைத் திறந்த முதல் நிமிடத்தில் மெமரி இன்னும் நிரம்பியிருக்காது.