பிடிக்காததையும் எழுதுங்கள், ப்ளீஸ்

எங்கள் கிளை நூலக கவுன்டரில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். அடுத்து என்ன படிப்பது என்று குழம்புகிறவர்கள், இதுவரை படித்ததில் பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் ஒரு தாளில் எழுதி அதில் போடலாம். இரண்டு நாளில் புத்தகம் எடுத்து வைப்பேன். போன வாரம் பெட்டியில் ஏழு கடிதங்கள் இருந்தன. ஏழிலும் பிடித்த புத்தகங்களின் பட்டியல் இருந்தது. பிடிக்காததைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒருவர் மட்டும் "பிடிக்காதது என்று எதுவும் இல்லை, எல்லாமே நல்ல நூல்கள்தான்" என்று எழுதியிருந்தார். ஐயா, நான் உங்களிடம் நற்சான்றிதழ் கேட்கவில்லை.

இந்த மரியாதைதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. ஒரு நாவல் பிடிக்கவில்லை என்றால் எழுத்தாளரை அவமதித்ததாக ஆகிவிடும், நூலகர் நம்மைப் பற்றி ஏதாவது நினைத்துக்கொள்வார் என்று பயப்படுகிறார்கள். நான் நினைப்பதெல்லாம் "இவருக்கு எதை எடுத்து வைப்பது" என்பது மட்டும்தான். பாதியில் மூடி வைத்த புத்தகம் எனக்குப் பெரிய துப்பு. டாக்டரிடம் போய் எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல், எங்கெல்லாம் வலிக்கவில்லை என்று மட்டும் சொல்வீர்களா?

ஒரு அம்மாவின் கடிதத்தைச் சொல்கிறேன். "பொன்னியின் செல்வன் மூன்று முறை படித்துவிட்டேன். அது போல நல்ல சரித்திர நாவல் வேண்டும்." அவ்வளவுதான். நானும் சோழர் கதை ஒன்று, பாண்டியர் கதை ஒன்று எடுத்துக் கொடுத்தேன். இரண்டும் நாலே நாளில் திரும்பி வந்துவிட்டன. முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. உட்கார வைத்து, "கல்கி எழுதியதிலேயே உங்களுக்குப் பிடிக்காதது எதும்மா?" என்று கேட்டேன். ரொம்பத் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "சிவகாமியின் சபதம்" என்றார்.

அதே ஆசிரியர், அதே மாதிரி ராஜா கதை. எங்கள் எண் முறையில் இரண்டும் 894.8113 தான், தமிழ்ப் புனைகதை. வேகமான கதையா, அழ வைக்கும் கதையா என்பதை அந்த எண் சொல்லாது. அதை வாசகர்தான் சொல்ல வேண்டும். எங்கே அலுத்தது என்று கேட்டேன். "முதல் பாகம் நல்லா இருந்தது. பரஞ்சோதி ஓலையை எடுத்துக்கிட்டுக் கிளம்புவானே, அது வரைக்கும் கீழே வைக்கலை. சிவகாமி வாதாபியில மாட்டிக்கிட்டு ஏங்க ஆரம்பிச்சதும் பக்கத்தைத் தள்ளிட்டேன்."

சரி, விஷயம் வெளியே வந்துவிட்டது. வந்தியத்தேவனும் ஓலையோடு புறப்பட்டவன்தானே! அந்த அம்மாவுக்கு வேண்டியது சரித்திரமே இல்லை. ஊர் ஊராகப் போய், வம்பில் மாட்டி, வாய்ச்சாமர்த்தியத்தால் தப்பிக்கிற ஒரு துடுக்குப் பையன் வேண்டும். ஏக்கமும் பிரிவும் ஆகாது. சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதை ஒன்றை நீட்டினேன். "துப்பறியும் கதையா?" என்று முகம் சுளித்தபடிதான் வாங்கிப் போனார். மூன்றாம் நாளே படித்து முடித்துவிட்டு வந்துவிட்டார்.

ஒரு வாக்கியத்தில் கிடைத்த துப்பு இது. பிடித்த பத்துப் புத்தகங்களின் பெயரை எழுதியிருந்தாலும் நான் சரித்திர ரேக்கைத் தாண்டியிருக்க மாட்டேன். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று எழுதி வைத்துவிட்டார். வாசகர் வாயைத் திறக்காவிட்டால் நூலகர் என்ன செய்வது என்று அவரிடம் கேட்க ஆசை.

ஆகவே இப்படி எழுதுங்கள். பிடித்தது மூன்று போதும், பிடிக்காதது இரண்டு கட்டாயம். "அருமை", "போர்" என்று நிறுத்தாதீர்கள். எந்த இடத்தில் தூக்கம் போனது, எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று ஒரு வரி சேருங்கள். பாதியில் விட்டிருந்தால் எந்தப் பக்கத்தில் என்று சொல்லுங்கள். வீட்டில் ஒரு சாவு நடந்த சமயத்தில் படித்துப் பிடிக்காமல் போனதா, அதையும் குறிப்பிடுங்கள், அந்தப் புத்தகத்தை நான் ஒதுக்க மாட்டேன். கண் பார்வைக்குப் பெரிய எழுத்து வேண்டுமா, மொழிபெயர்ப்பு ஆகுமா, பஸ்ஸில் படிக்கவா, படுக்கையில் படிக்கவா, இதெல்லாம் வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. படித்ததாகக் காட்டிக்கொள்வதற்காகக் கனமான பெயர்களைத் தயவுசெய்து எழுதாதீர்கள். நம்பி அதே மாதிரி எடுத்து வைத்துவிடுவேன், அப்புறம் அவஸ்தை உங்களுக்குத்தான்.

கொடுத்த புத்தகம் சரிப்படவில்லை என்றால் சத்தமில்லாமல் கவுன்டரில் வைத்துவிட்டு நழுவாதீர்கள். ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த அம்மா இப்போது அதில் தேறிவிட்டார். நேற்று பெட்டியில் அவர் தாள் கிடந்தது: "கதை நல்ல வேகம். வசந்த் பெண்களைப் பற்றி அடிக்கும் ஜோக் மட்டும் சகிக்கவில்லை. அது இல்லாமல் சிரிக்க வைக்கிற மாதிரி தேடவும்." தேவனின் துப்பறியும் சாம்புவை எடுத்து, அவர் உறுப்பினர் எண்ணைச் சீட்டில் எழுதிச் செருகி வைத்திருக்கிறேன்.